பதினேழு லிட்டர் தண்ணீர், ஒரு லிட்டர் தைலம்



காலை நிகழ்ச்சியில் பாட்டி வைத்தியம் பற்றி ஏதாவது பேசிவிட்டால் போதும், அன்று நிலையத் தொலைபேசி ஓயாது. சில வாரங்களுக்கு முன்பு கிள்ளானிலிருந்து ஒரு அம்மா அழைத்தார். அவருடைய கணவருக்குப் பக்கவாதம் வந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. மருத்துவமனைச் சிகிச்சையும் உடற்பயிற்சியும் தவறாமல் நடக்கின்றன. கூடவே தினமும் கைகால்களுக்குத் தைலம் தேய்த்து விடுகிறார். "தம்பி, ரெண்டு போத்தல் வாங்கியிருக்கேன். ரெண்டுலயும் க்ஷீரபலா தைலம்னுதான் போட்டிருக்கு. ஒன்னு 18 வெள்ளி, இன்னொன்னு 65 வெள்ளி. பேரு ஒன்னு, விலை மட்டும் ஏன் இப்படி? யாரு என்னை ஏமாத்துறா?" என்று கேட்டார்.

ஒரு பாட்டு இடைவெளிக்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை இது. சென்ற ஆண்டு விடுமுறைக்குப் பாலக்காடு போயிருந்தபோது, தைலத்தையும் நெய்யையும் இன்னும் விறகடுப்பில் காய்ச்சும் ஒரு சிறிய வைத்தியசாலையில் நான்கு நாள் உட்கார்ந்து பார்த்தேன். தமிழும் மலையாளமும் கலந்து பேசும் அந்த வைத்தியர் என் கேள்விகளுக்கு அலுக்காமல் பதில் சொன்னார். அங்கே பார்த்ததை வைத்தே அந்த அம்மாவின் கேள்விக்குப் பதில் எழுதுகிறேன்.

மூன்றே பொருள்

க்ஷீரபலா தைலத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. சில தைலங்களுக்கு நாற்பது ஐம்பது மூலிகைகள் வேண்டும். அதில் எது இருக்கிறது, எது விடுபட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. இதற்கு வேண்டியவை மூன்றே பொருள்: பலா எனப்படும் குறுந்தொட்டி வேர், நல்லெண்ணெய், பசும்பால். 'க்ஷீரம்' என்றால் பால். இந்தப் 'பலா' நாம் சாப்பிடும் பலாப்பழ மரம் அல்ல. முழங்கால் உயரம் வளரும் ஒரு சிறு செடி. மஞ்சள் பூ பூக்கும்.

மருந்தெண்ணெய் காய்ச்சுவதற்கு ஆயுர்வேதத்தில் ஒரு பொது அளவு உண்டு. அரைத்த மூலிகை விழுது ஒரு பங்கு, எண்ணெய் அல்லது நெய் நான்கு பங்கு, கஷாயம் போன்ற நீர்ப்பொருள் பதினாறு பங்கு. விழுதுக்குக் 'கல்கம்' என்று பெயர். ஒரு லிட்டர் நல்லெண்ணெய்க்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கால் கிலோ குறுந்தொட்டி வேரை அரைத்த கல்கம் வேண்டும். நான்கு லிட்டர் கஷாயம் வேண்டும். இந்தத் தைலத்துக்கு அதோடு எண்ணெயின் அளவுக்குச் சமமாக ஒரு லிட்டர் பாலும் சேரும்.

நான்கு லிட்டர் கஷாயம் எங்கிருந்து வரும்? இரண்டு கிலோ வேரை இடித்து, எட்டு மடங்கு தண்ணீர், அதாவது 16 லிட்டர் ஊற்றி, நான்கில் ஒரு பங்காக வற்றும்வரை கொதிக்கவிட வேண்டும். அங்கே 12 லிட்டர் தண்ணீர் ஆவியாகிறது. மிச்சமுள்ள நான்கு லிட்டர் கஷாயம் எண்ணெயோடு சேர்ந்து முழுவதும் வற்ற வேண்டும். பாலில் இருக்கும் முக்கால் லிட்டருக்கும் மேற்பட்ட நீரும் போக வேண்டும். மொத்தத்தில், ஒரு லிட்டர் தைலம் கிடைப்பதற்குள் ஏறக்குறைய 17 லிட்டர் தண்ணீர் அடுப்பிலிருந்து ஆவியாகிறது. கடைசியில் கையில் நிற்பது ஒரு முழு லிட்டர்கூட இல்லை. கல்கம் கொஞ்சம் எண்ணெயைக் குடித்துவிடும்.

நாள் கணக்கு

முதல் நாள் அடுப்பே மூட்டவில்லை. வேரைக் கழுவி, மண் போக்கி, இடித்து ஊறப்போடுவதோடு வேலை முடிந்தது. மாவாக அரைக்கக் கூடாது என்றார் வைத்தியர். மாவாகப் போனால் கஷாயம் கூழாகிவிடும், வடிகட்ட வராது. ஒன்றிரண்டாக இடித்துப் போட்டால் இரவெல்லாம் தண்ணீர் உள்ளே இறங்கும்.

இரண்டாம் நாள் காலையிலிருந்து மாலைவரை கஷாயம் கொதித்தது. பாத்திரத்தை மூடவில்லை, தீயையும் ஏற்றவில்லை. உயரத்தை அளப்பதற்கு ஒரு மூங்கில் குச்சியில் கோடு கீறி வைத்திருந்தார்கள். கால் பங்குக் கோட்டைத் தொட்டதும் இறக்கி, துணியில் வடித்தார்கள். அன்று மாலையே பெரிய வெண்கல உருளியில் நல்லெண்ணெயை ஊற்றி, கல்கத்தைக் கஷாயத்தில் கரைத்துச் சேர்த்து, சிறு தீயில் ஏற்றினார்கள். இரவு எட்டு மணிக்கு விறகை இழுத்துவிட்டு, உருளியை மூடி வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார்கள்.

"ஏன் ஐயா, ராத்திரியும் எரித்தால் சீக்கிரம் முடியுமே?" என்று கேட்டேன்.

"முடியும் மோனே, முடிச்சா தைலம் ஆகாது" என்று சிரித்தார்.

நெய்யையும் தைலத்தையும் ஒரே நாளில் காய்ச்சி முடிக்கக் கூடாது என்று சார்ங்கதர சம்ஹிதை போன்ற பழைய நூல்கள் சொல்கின்றன. தங்கவைத்தால் குணம் கூடும் என்பது அவற்றின் விளக்கம். சேர்க்கும் நீர்ப்பொருளைப் பொறுத்து நாள்களும் மாறும். பால் சேர்ந்தால் இரண்டு இரவு, பச்சிலைச் சாறு சேர்ந்தால் மூன்று, மோரோ காடியோ சேர்ந்தால் ஐந்து என்று கணக்கு வைத்திருக்கிறார்கள்.

அடுப்பு பக்கம் உட்கார்ந்து பார்த்தால் இன்னொரு காரணமும் புரியும். வேரில் இருக்கும் பொருள்களில் பல தண்ணீரில்தான் கரையும், சில எண்ணெயில் கரையும். எண்ணெயும் தண்ணீரும் தாமாகச் சேராது. பக்கத்தில் பக்கத்தில் நெடுநேரம் சூடாக இருந்து, கிளறிக் கிளறி, நுண்துளிகளாக உரசினால்தான் எண்ணெய் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ள முடியும். இரவு முழுக்க வெதுவெதுப்பாக இருக்கும்போது கல்கம் எண்ணெயில் ஊறிக்கொண்டே இருக்கிறது. பாலுக்கும் இதில் வேலை இருக்கிறது. பாலிலுள்ள கொழுப்பும் புரதமும் எண்ணெயையும் நீரையும் கொஞ்சநேரமாவது பிரியாமல் பிடித்து வைக்கும். ஆனாலும் கஷாயத்தில் இருந்த அனைத்தும் தைலத்துக்குள் வந்துவிடுகிறது என்று நினைக்க வேண்டாம். நீரில் மட்டும் கரைபவற்றில் பெரும்பகுதி கடைசியில் கல்கத்தோடு சக்கையாகப் போய்விடும். அதனால்தான் கஷாயம் குடிப்பதும் தைலம் பூசுவதும் ஒன்றல்ல.

மூன்றாம் நாள் மீண்டும் அடுப்பு. கஷாயம் பெரும்பாலும் வற்றிய பிறகுதான் பாலைச் சேர்த்தார்கள். பால் சேர்ந்ததும் ஒருவர் எழுந்திருக்காமல் கிளறிக்கொண்டே இருந்தார். பாலின் திரட்டு அடியில் பிடித்தால் அதுதான் முதலில் கருகும். அதன் வாடை முழு உருளிக்கும் ஏறிவிடும். அன்று இரவும் இறக்கி வைத்தார்கள். நான்காம் நாள் பதம் பார்க்கும் நாள்.

கடைசி அரைமணி நேரம்

தரம் கெடுவதும் நிற்பதும் பெரும்பாலும் இந்தக் கடைசி அரைமணியில்தான். காரணம் எளிது. எண்ணெயில் தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். எவ்வளவு விறகு வைத்தாலும் அந்தச் சூடு தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகும். இரண்டு மூன்று நாள் அந்தத் தண்ணீர்தான் தைலத்துக்குக் காவல். கடைசித் துளி போனதும் காவல் போய்விடும். எண்ணெயின் சூடு சட்டென்று ஏறும். சில நிமிடங்களில் கல்கம் சிவந்து, கறுத்து, கருகிவிடும். மூன்று நாள் உழைப்பு அந்தச் சில நிமிடங்களில் வீணாகும்.

முன்கூட்டியே இறக்கினால் வேறு தொல்லை. கல்கத்தில் ஈரம் தங்கிவிடும். ஈரம் உள்ள எண்ணெய் போத்தலில் கெட்டுப்போகும். முதலில் அடியில் கலங்கல் தெரியும், பிறகு காறல் வாடை வரும், சில நேரம் பூசணமும் பிடிக்கும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் சரியான இடத்தைக் கண்டுபிடிக்கத்தான் பதம் பார்க்கிறார்கள். வைத்தியர் கரண்டி நுனியால் கொஞ்சம் கல்கத்தை எடுத்து, ஆறவிட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டினார். முதலில் அது விரலில் ஒட்டியது. கால்மணி கழித்து மீண்டும் எடுத்தார். இப்போது ஒட்டாமல் மெழுகு போல உருண்டு, திரியாக நீண்டது. இன்னும் விட்டிருந்தால் உருட்டும்போது மணல் மணலாக உதிரும். அந்தத் திரியைத் தணலில் போட்டார். சத்தமே இல்லாமல் எரிந்தது. ஈரம் இருந்தால் சடசடவென்று வெடிக்கும்.

மூன்று பதங்களும் தவறில்லை, பயன்தான் வேறு. ஒட்டும் இளம்பதம் மூக்கில் விடும் மருந்துக்கு. மெழுகுப்பதமான நடுப்பதம் உள்ளுக்குக் கொடுக்க. மணல்போல் உதிரும் முற்றிய பதம் உடம்பில் தேய்க்க. இவற்றுக்கு முன்னால் இறக்கினால் பச்சை, பின்னால் போனால் கருகல். இரண்டும் மருந்தாகாது என்கின்றன நூல்கள்.

நுரையும் ஒரு சாட்சி. தைலம் முடியும் தறுவாயில் நுரை பொங்கி எழும். நெய்யாக இருந்தால் நேர்மாறு: முடியும்போது நுரை அடங்கும். அன்று பக்கத்து அடுப்பில் ஒரு மருந்து நெய்யும் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு உருளியில் நுரை ஏறுவதையும் இன்னொன்றில் அடங்குவதையும் ஒரே நேரத்தில் பார்த்தேன். இரண்டையும் இறக்கச் சொன்னார் வைத்தியர். புதிதாக வேலைக்கு வந்த ஒரு பையன் மட்டும் குழம்பிப்போய் இரண்டு உருளியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நெய்க்கு இன்னும் ஒரு தொல்லை உண்டு. ஆறினால் உறைந்துவிடும். அதனால் சூட்டோடு வடிகட்டியாக வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் கல்கத்துக்குள்ளேயே நெய் உறைந்து நின்றுவிடும். பாதி நெய் சக்கையோடு போய்விடும், வடிந்ததிலும் தூள் கலந்துவிடும்.

நூற்றொன்றின் கணக்கு

கடைகளில் 'க்ஷீரபலா 101' என்று மிகச்சிறிய போத்தல்களைப் பார்த்திருப்பீர்கள். வெறும் பத்து மில்லி இருக்கும், விலை மட்டும் வாய் பிளக்க வைக்கும். அந்த 101 என்பது 'ஆவர்த்தி', அதாவது திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணிக்கை. முடிந்த தைலத்தையே எண்ணெயாக வைத்து, புதுக் கஷாயம், புதுக் கல்கம், புதுப்பால் சேர்த்து மறுபடியும் காய்ச்சுவது. இப்படி 101 முறை.

ஒரு சுற்றுக்கு இரண்டே நாள் என்று வைத்தாலும் 202 நாள் ஆகும். அதைவிடப் பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் கல்கம் கொஞ்சம் எண்ணெயைக் குடிக்கும் அல்லவா? ஒவ்வொரு முறையும் நூற்றுக்கு மூன்று பங்கு மட்டும் வீணாகிறது என்று வையுங்கள். கேட்க ஒன்றுமில்லாத அளவு. ஆனால் 101 சுற்று முடிவில் ஒரு லிட்டரில் 50 மில்லிகூட மிஞ்சாது. வீணாவதை நூற்றுக்கு ஒன்றாகக் குறைத்தால் 360 மில்லி மிஞ்சும். கல்கத்தை எவ்வளவு நன்றாகப் பிழிகிறார்கள் என்பதே விலையை எவ்வளவு மாற்றுகிறது பாருங்கள்.

இதில் வாங்குகிறவருக்கு ஒரு சங்கடமும் உண்டு. 101 முறை காய்ச்சியதா, 41 முறையா என்று கண்ணால் பார்த்தோ முகர்ந்தோ சொல்ல முடியாது. தயாரிப்பவரின் ஏட்டில் எழுதியிருப்பதை நம்பித்தான் வாங்குகிறோம்.

எங்கே மாறுகிறது தரம்?

முதல் இடம் வேர். 'பலா' என்பது சமஸ்கிருதப் பெயர். அது எந்தச் செடி என்பதில் ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு. இந்திய அரசின் மருந்துநூல் சைடா கார்டிஃபோலியா என்ற செடியைச் சொல்கிறது. கேரளத்தில் குறுந்தொட்டி என்று பறிப்பது பெரும்பாலும் அதன் உறவான சைடா ராம்பிஃபோலியா வகை. நம் நாட்டில் சாலையோரத்தில் செலிகுரி என்று மலாய்க்காரர்கள் சொல்லும் களைச்செடியும் இந்த ராம்பிஃபோலியாதான். இரண்டும் ஒரே குடும்பம் என்றாலும் ஒரே செடி அல்ல. ஆக ஒரே பெயருள்ள இரண்டு தைலங்களில், ஏமாற்று ஏதுமின்றியே, இரண்டு வெவ்வேறு வேர்கள் இருக்கலாம்.

ஏமாற்று நுழையும் வழி வேறு. சிறு செடியின் வேர் மெல்லியது. இரண்டு கிலோ வேருக்கு எத்தனை செடி பிடுங்க வேண்டும் என்று யோசியுங்கள். பெரும்பாலும் காட்டிலும் வயல் ஓரத்திலும் பறித்து வருவதுதான். அதனால் தண்டும் இலையும் வேரோடு சேர்ந்து எடையில் ஏறிவிடும். நான் பார்த்த இடத்தில் மூட்டை வந்ததும் முதல் வேலை, வேரையும் தண்டையும் தனித்தனியாகப் பிரித்து எடை போடுவதுதான்.

இரண்டாம் இடம் எண்ணெய். செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயின் விலையும் பாமாயிலின் விலையும் உங்களுக்குத் தெரியும். தேய்க்கும் தைலங்களில் கனிம எண்ணெய் கலப்பதும் உண்டு. நெய்யிலும் இதே கதைதான். பசுநெய்க்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு கலந்த கலவை நெய் நம் பேரங்காடியிலேயே பாதி விலைக்குக் கிடைக்கிறதே.

மூன்றாம் இடம் நேரம். கஷாயத்தின் அளவைப் பாதியாகக் குறைத்தால் ஒரு நாள் மிச்சம். தீயை ஏற்றினால் இன்னொரு நாள் மிச்சம். கல்கத்தையும் கஷாயத்தையும் விட்டுவிட்டு, மூலிகைச் சாரத்தை எண்ணெயில் கலந்து, நிறமும் மணமும் சேர்த்தால் ஒரே மணி நேரத்தில் வேலை முடியும். போத்தலில் ஒட்டும் பெயரில் இந்த வேறுபாடு எதுவும் தெரியாது.

பெரிய தொழிற்சாலையில் செய்ததெல்லாம் மட்டம், விறகடுப்பில் செய்ததெல்லாம் உயர்வு என்று இதற்குப் பொருள் இல்லை. நீராவியால் சூடேற்றும் பெரிய பாத்திரத்தில் தீயின் அளவைக் கட்டுக்குள் வைப்பது விறகைவிடச் சுலபம். ஒவ்வொரு தொகுதியையும் ஆய்வுக்கூடத்தில் சோதிக்கவும் முடியும். அளவையும் நாளையும் குறைக்காமல் செய்கிறார்களா என்பதுதான் கேள்வி. அடுப்பு எதுவாக இருந்தாலும் சரி.

இரண்டு போத்தல்கள்

கிள்ளான் அம்மா தம் மகனிடம் இரண்டு போத்தலையும் நிலையத்துக்குக் கொடுத்து அனுப்பினார். தயாரித்தவர்கள் யார் என்பதை இங்கே விட்டுவிடுகிறேன்.

விலை குறைந்ததில் பொருள்பட்டியல் இருந்தது, ஆனால் எதற்கும் அளவு இல்லை. 'எண்ணெய்' என்று மட்டும் போட்டிருந்தார்கள், எந்த எண்ணெய் என்று இல்லை. பால் என்ற சொல்லே இல்லை. திறந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. மேலே கற்பூர மணம் தூக்கலாக அடித்தது, அதன் கீழே பழைய முறுக்கு டின்னைத் திறந்தது போன்ற காறல் வாடை. போத்தலைச் சாய்த்தால் அடியில் மெல்லிய கலங்கல் நகர்ந்தது. ஒரு பஞ்சுத் திரியில் தோய்த்து, வெளியில், மணல் நிரப்பிய தகர டப்பாவில் வைத்துக் கொளுத்தினோம். சடசடவென்று பொரிந்தது. நீர் முழுவதும் போகவில்லை.

விலை கூடியதில் நல்லெண்ணெய், பால், பலா மூன்றும் அளவோடு இருந்தன. தொகுதி எண்ணும் தயாரித்த நாளும் இருந்தன. மணம் பெரிதாக இல்லை. நல்லெண்ணெயும் காய்ச்சிய பாலும் கலந்த மெல்லிய வாசனை. திரி அமைதியாக எரிந்தது.

இந்தச் சோதனை எவ்வளவு சொல்லும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஈரம் இருக்கிறதா, எண்ணெய் கெட்டுவிட்டதா என்பது தெரியும். அவ்வளவுதான். இரண்டாவது போத்தலில் முழு அளவு வேர் போட்டார்களா என்பதைத் திரி சொல்லாது. நிறமும் சொல்லாது. கறுத்திருந்தால் வீரியம் என்று பலர் நினைக்கிறார்கள். அது கல்கம் கருகியதாலும் இருக்கலாம்.

கடையில் நின்றபடி செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. மலேசியாவில் விற்கும் பாரம்பரிய மருந்துகளில் MAL என்று தொடங்கி, எண்களுக்குப் பின் T என்ற எழுத்து வரும் பதிவு எண் இருக்க வேண்டும். கூடவே ஒளிரும் பாதுகாப்பு ஒட்டியும் இருக்கும். அந்த எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் QUEST3+ தளத்தில் தட்டினால், அது எந்தப் பொருளுக்குக் கொடுத்த எண் என்று வந்துவிடும். வேறு பொருளின் பெயர் வந்தால் வாங்காதீர்கள். பாரம்பரிய மருந்துகளைப் பதிவு செய்யும்போது கன உலோகம், கிருமி போன்றவற்றின் அளவைப் பார்க்கிறார்கள். நோய் குணமாகும் என்பதற்கு அந்த எண் சான்று அல்ல. கிள்ளான் அம்மாவின் மலிவு போத்தலில் எண்ணே இல்லை. யாரோ பயணப் பெட்டியில் கொண்டுவந்து விற்றது.

அந்த அம்மாவிடம் நான் சொன்னது இதுதான். கெட்ட எண்ணெயை இனித் தேய்க்க வேண்டாம். பக்கவாதத்தில் உணர்ச்சி குறைந்த தோலில் எரிச்சலோ கொப்புளமோ வந்தாலும் ஐயாவுக்குத் தெரியாது, அதனால் எந்தத் தைலமானாலும் தேய்த்த பிறகு தோலைப் பாருங்கள், எண்ணெயைச் சூடாக்கினால் முதலில் உங்கள் கையில் விட்டுப் பாருங்கள். தைலம் தேய்ப்பதால் தசைக்கு இதம் கிடைக்கலாம், உடற்பயிற்சிக்கும் இரத்த அழுத்த மாத்திரைக்கும் அது மாற்று ஆகாது. எள் அல்லது பால் ஒவ்வாதவர்களுக்கு இந்தத் தைலமே வேண்டாம்.

மருந்து நெய்யை உள்ளுக்குச் சாப்பிடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். எத்தனை மூலிகை சேர்ந்தாலும் அது நெய்தான். கொழுப்பு மாத்திரை சாப்பிடுகிறவரும் பித்தப்பைக் கல் உள்ளவரும் தங்கள் மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்கக் கூடாது. பதிவு பெற்ற பாரம்பரிய மருத்துவரைப் பார்த்து, எந்த நெய், எத்தனை நாள், எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன், நம் வீடுகளில் இன்னும் நடப்பதால். குளிப்பாட்டி முடித்ததும் கைக்குழந்தையின் மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விடும் பழக்கம் பல பாட்டிமார்களுக்கு உண்டு. மூக்கில் விட்ட எண்ணெய் குழந்தையின் நுரையீரலுக்குள் இறங்கினால் அங்கேயே தங்கி நிமோனியா உண்டாக்கும். பச்சைக் குழந்தைக்கு எண்ணெயை இருமித் துப்பத் தெரியாது. எத்தனை நாள் காய்ச்சிய தைலமானாலும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும், குழந்தை மூக்கில் வேண்டாம். பெரியவர்களுக்கு மூக்கில் விடுவதற்கென்றே தனிப்பதம் இருக்கிறது என்று மேலே பார்த்தோம். அதையும் வைத்தியர் கையால், முறையாகத்தான் செய்ய வேண்டும்.

நல்ல போத்தலாகப் பார்த்து வாங்கிவிட்டீர்கள் என்றால் அதைக் கெடுக்காமல் வைத்திருப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. குளியலறையில் வைக்காதீர்கள், அடுப்பு பக்கத்திலும் வேண்டாம். ஈரக்கையோடு திறக்காதீர்கள். வேண்டிய அளவை மட்டும் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, அந்தக் கிண்ணத்தை வெந்நீரில் வைத்துச் சூடாக்குங்கள். மிஞ்சியதைத் திரும்பப் போத்தலில் ஊற்றாதீர்கள். திறந்த தேதியை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். 17 லிட்டர் தண்ணீரைப் போக்க நான்கு நாள் பாடுபட்ட எண்ணெயில் நாமே நாலு சொட்டுத் தண்ணீரைத் திரும்ப விடக் கூடாது, இல்லையா?

அடுத்த வாரம் சந்திப்போம்.